டேட்டாபேஸ் விபத்துக்கு ஓர் ஒத்திகை

2017ஆம் ஆண்டு ஜனவரி 31 இரவு, கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் பழுதான துணை டேட்டாபேஸ் சர்வரைச் சரிசெய்துகொண்டிருந்தார். மூல சர்வரிலிருந்து புதிதாக நகலெடுக்க, துணை சர்வரில் இருந்த தரவுக் கோப்பகத்தை முதலில் காலி செய்ய வேண்டியிருந்தது. அழிக்கும் கட்டளையைக் கொடுத்த ஓரிரு நொடிகளில், அது மூல சர்வரில் ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டு நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி தரவில் ஏறத்தாழ 4.5 ஜிபி மட்டுமே மிஞ்சியிருந்தது.

அதன் பிறகு வெளிப்பட்டவைதான் இந்த அத்தியாயத்துக்குத் தேவையானவை. தினசரி பேக்கப் போய்ச் சேர வேண்டிய இடத்தில் எதுவுமே இல்லை. டேட்டாபேஸ் 9.6 பதிப்பில் ஓட, பேக்கப் எடுக்கும் நிரல் 9.2 பதிப்பாக இருந்ததால் ஒவ்வொரு முறையும் பிழை காட்டி நின்றுபோயிருந்தது. பிழையைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களோ, அனுப்புநரைச் சரிபார்க்கும் அமைப்பு பொருந்தாததால் பெறும் இடத்திலேயே நிராகரிக்கப்பட்டிருந்தன. கைகொடுத்தது, வேறொரு வேலைக்காக ஏறத்தாழ 6 மணி நேரம் முன்பு எடுக்கப்பட்ட ஒரு வட்டு நகல். அது வேகம் குறைந்த வட்டில் இருந்தபடியால் திரும்பக் கொண்டுவரவே சுமார் 18 மணி நேரம் பிடித்தது. இடைப்பட்ட மணிநேரங்களில் பதிவானவை திரும்பவில்லை. சுமார் 5,000 திட்டங்கள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள் பாதிக்கப்பட்டதாக நிறுவனமே ஒளிவுமறைவின்றி அறிவித்தது.

இங்கே இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. ஒன்று, அவசரத்தில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது. மற்றொன்று, பேக்கப் என்று நம்பப்படுவது உண்மையில் பேக்கப்தானா என்பது. சிறிய குழு ஒன்று ஒத்திகை திட்டமிடும்போது இவ்விரண்டையும் ஒரே பயிற்சியில் சோதிக்க முயல்வதுதான் வழக்கமான தவறு. மனிதர்களைச் சோதிக்க அவர்கள் பதற்றத்தோடு கைவைக்கும் சூழல் வேண்டும். அங்கே வாடிக்கையாளர் தரவு இருக்கக் கூடாது. பேக்கப்பைச் சோதிக்க உண்மையான பேக்கப்பே வேண்டும். அங்கே யாரும் பதற்றத்தோடு கைவைக்கக் கூடாது. ஆகவே முதலாவது போலித் தரவின்மேல் நடக்கட்டும். இரண்டாவது, அசல் பேக்கப்பின்மேல், பூட்டிய சூழலில், வேறொரு நாளில் நடக்கட்டும். நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் இயங்கும் சேவையிலேயே சர்வர்களை வேண்டுமென்றே நிறுத்திப் பார்ப்பது பிரபலம். ஒன்று விழுந்தால் அதன் வேலையை ஏற்க நூற்றுக்கணக்கானவை காத்திருக்கும் இடத்துக்கு அது பொருந்தும். ஒரே ஒரு மூல டேட்டாபேஸை வைத்திருக்கும் நான்கு பேர் குழுவுக்கு அது பொருந்தாது.

எந்த விபத்தை ஒத்திகை பார்ப்பது

எடுத்துக்காட்டாக, இந்தியாவில் நான்கு பேர் நடத்தும் ஒரு சேவையை வைத்துக்கொள்வோம். சில நூறு கடைகள் தங்கள் ஆர்டர்களை அதில் பதிவு செய்கின்றன. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், அளவு 60 ஜிபி. ஒரு மூல சர்வர், அதை நொடிக்கு நொடி பின்தொடரும் ஒரு துணை சர்வர், நாள்தோறும் அதிகாலையில் எடுக்கும் முழு பேக்கப், இடையில் நடக்கும் மாற்றங்களின் தொடர் பதிவு ஆகியவை இருக்கின்றன.

வட்டு பழுதாவதுதான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் அதற்குத் துணை சர்வர் இருக்கிறது. துணை சர்வரால் எதுவுமே செய்ய முடியாத விபத்து வேறு: யாரோ ஒருவர் தவறான கட்டளையால் தரவை அழித்துவிடுவது. மூல சர்வரில் அழிந்தது அடுத்த நொடியே துணை சர்வரிலும் அழிந்துவிடும்; நகலெடுப்பு பழுதின்றி வேலை செய்வதன் விளைவு அது. சிறு குழுக்களில் ஒரே ஆள் நிரல் எழுதி, சர்வரைப் பார்த்து, வாடிக்கையாளர் புகாருக்கும் பதில் சொல்வதால் இந்த விபத்துக்குத்தான் வாய்ப்பு அதிகம். முதல் ஒத்திகைக்கு இதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

ஒத்திகையில் அழிவு இப்படி நடக்கிறது. பரிசோதனைக்காக உருவாக்கிய கடை ஒன்றின் ஆர்டர்களை நீக்க வேண்டும். திரையில் இரண்டு வரிகள் எழுதப்பட்டிருக்கின்றன:

```
DELETE FROM orders
WHERE shop_id = 412;
```

டேட்டாபேஸ் கருவிகள் பலவற்றில், தேர்ந்தெடுத்த பகுதியை மட்டும் ஓட்டும் வசதி உண்டு. சுட்டியை இழுக்கும்போது முதல் வரி மட்டும் தேர்வாகிவிட்டால், நிபந்தனையில்லாத கட்டளை ஓடி எல்லாக் கடைகளின் ஆர்டர்களும் போய்விடும். ஆர்டருக்குள் இருக்கும் பொருள்களின் அட்டவணை `ON DELETE CASCADE` என்ற விதியால் பிணைக்கப்பட்டிருந்தால் அதுவும் சேர்ந்து காலியாகும். சர்வர் மட்டும் நலமாகவே இருக்கும். நினைவகம், வட்டு, இணைப்புகள் எல்லாம் சரியாக இருப்பதால் எந்த எச்சரிக்கை மணியும் அடிக்காது.

வேலி

ஒத்திகைக்குத் தனி கிளவுட் கணக்கு ஒன்று வேண்டும். இயங்கும் சேவையின் கணக்குக்குள்ளேயே இன்னொரு சர்வர் எழுப்பினால் போதாது. கடவுச்சொற்கள், அனுமதிகள், உள் நெட்வொர்க் எல்லாம் அங்கே ஏற்கெனவே திறந்திருக்கும். தனிக் கணக்கில் இரண்டு சர்வர்களை எழுப்பலாம். ஒன்று இயங்கும் சேவைக்குப் பதிலாக நிற்கும். இதைப் பயிற்சி சர்வர் என்போம். மற்றொன்றில்தான் மீட்டெடுப்பு நடக்கும். அது மீட்பு சர்வர்.

பயிற்சி சர்வரில் அசல் அட்டவணை அமைப்பு இருக்கும், தரவு மட்டும் நிரல் உருவாக்கிய போலித் தரவு. அளவு அசலுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். 60 ஜிபிக்குப் பதில் 600 எம்பியை வைத்து ஒத்திகை நடத்தினால் மீட்டெடுப்பு நொடிகளில் முடிந்துவிடும். எவ்வளவு நேரம் ஆகும் என்ற முக்கியமான கேள்விக்குப் பதிலே கிடைக்காது. ஒரு சிறு நிரல் நொடிக்கு ஓரிரு ஆர்டர்களைத் தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கட்டும். அத்துடன், ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அந்த நேரத்தை ஒரு வரியாக எழுதும் அடையாள அட்டவணை ஒன்றும் வேண்டும். பின்னால் சரிபார்க்கும்போது அதுதான் சாட்சி.

வாடிக்கையாளரைத் தொடக்கூடிய வழிகளில் டேட்டாபேஸைவிட ஆபத்தானவை அதைச் சுற்றி இருப்பவை: எஸ்எம்எஸ் அனுப்பும் சேவை, மின்னஞ்சல், பணப் பரிமாற்ற நுழைவாயில், குறித்த நேரத்தில் தானே ஓடும் பணிகள். அவற்றின் சாவிகள் எதுவும் ஒத்திகைக் கணக்குக்குள் வரக் கூடாது. வெளியே செல்லும் நெட்வொர்க் பாதையையும் மூடிவிட வேண்டும்.

பலரும் கவனிக்கத் தவறும் ஓர் ஓட்டை உண்டு. இயங்கும் சர்வரின் அமைப்புக் கோப்பை அப்படியே நகலெடுத்து மீட்பு சர்வரில் வைத்தால், மாற்றப் பதிவுகளை எங்கே அனுப்ப வேண்டும் என்ற வரியும் கூடவே வந்துவிடும். மீட்பு முடிந்து அந்த சர்வர் தனித்து இயங்கத் தொடங்கியதும், தன் பதிவுகளை இயங்கும் சேவையின் பேக்கப் கிடங்கிலேயே போய்ச் சேர்க்கும். ஒத்திகையே உண்மையான பேக்கப்பைக் குழப்பிவிடும். இதற்குத் தடுப்பு இரண்டு. மீட்பு சர்வரில் பதிவு அனுப்புவதை அணைத்துவைக்க வேண்டும். பேக்கப் கிடங்கைத் திறக்கும் சாவி, படிக்க மட்டுமே அனுமதிக்கும் சாவியாக இருக்க வேண்டும். முதலாவதை யாரேனும் மறந்தாலும் இரண்டாவது காக்கும்.

வேலி இருக்கிறது என்று காகிதத்தில் எழுதிவிட்டுத் தொடங்கக் கூடாது. ஒத்திகை சர்வரிலிருந்து மூன்று செயல்களை முயன்று, மூன்றும் தோற்பதைப் பார்க்க வேண்டும்: இயங்கும் டேட்டாபேஸுடன் இணைவது, இயங்கும் சேவையின் பேக்கப் கிடங்கில் ஒரு கோப்பை எழுதுவது, ஒரு எஸ்எம்எஸ் அனுப்புவது. முதலாவதை இப்படிப் பார்க்கலாம்:

```
pg_isready -h 10.20.0.5 -t 3
```

`no response` என்று வர வேண்டும். சர்வரின் பெயரைக் கொண்டு மட்டும் சோதித்தால் ஏமாறலாம். பெயர் தெரியாததால் இணைப்பு தோற்றிருக்கும், எண் முகவரிக்கான பாதை திறந்தே இருக்கும். அதனால் எண் முகவரியைக் கொண்டே சோதிக்க வேண்டும். மூன்றில் ஒன்று வெற்றி பெற்றாலும் அன்று ஒத்திகை இல்லை.

யார் என்ன செய்வது

நான்கு பேரில் ஒருவர் நடத்துநர். என்ன அழியப்போகிறது, எப்போது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். இருவர் மீட்பவர்கள், ஒருவர் விசைப்பலகையில் இருப்பார், மற்றவர் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு கட்டளையையும் வாசித்த பிறகே ஓட்டச் சொல்வார். நான்காமவர் கடிகாரத்தைப் பார்த்து எழுதுபவர். எத்தனை மணிக்கு யார் என்ன கண்டார்கள், என்ன முடிவெடுத்தார்கள் என்பதை மட்டும் எழுதுவார். அதோடு இயங்கும் சேவையின் நிலையையும் அவரே கவனிப்பார்.

டேட்டாபேஸை நன்கு அறிந்த ஒருவர் எந்தக் குழுவிலும் இருப்பார். அவரை மீட்பவராக நிறுத்தினால் ஒத்திகை சீக்கிரம் முடியும், ஆனால் எதுவும் தெரியவராது. அவர் ஊரில் இல்லாத நாளில் என்ன நடக்கும் என்பதே கேள்வி. எனவே அவரே நடத்துநர். கேட்டாலும் அவர் வழி சொல்ல மாட்டார். குழு கால் மணி நேரம் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் ஒரு குறிப்பு தரலாம். எழுதுபவர் அதையும் குறித்துக்கொள்வார். அடுத்த வழிகாட்டிக் கையேட்டில் சேர வேண்டிய வரி அதுதான்.

நேரம், வார நடுவில் ஒரு காலைப்பொழுது. கடைகள் கணக்கு முடிக்கும் மாதக் கடைசி வேண்டாம், வெள்ளி மாலையும் வேண்டாம். ஒத்திகை தொடர்பான ஒவ்வொரு செய்தியும் ‘பயிற்சி’ என்ற சொல்லோடுதான் தொடங்க வேண்டும். இயங்கும் சேவையில் உண்மையாகவே ஏதேனும் கோளாறு வந்தால், எழுதுபவர் ‘நிறுத்து’ என்று சொன்ன நொடியில் எல்லோரும் கையை எடுத்துவிட வேண்டும். அந்த ஒரு சொல்லுக்கு விளக்கம் கேட்கக் கூடாது.

ஒத்திகை சர்வர்களின் கட்டளைத் திரை வேறு நிறத்தில் இருக்கட்டும். ஒத்திகையின்போது இயங்கும் சேவைக்கான திரை எதுவும் அந்தக் கணினிகளில் திறந்திருக்க வேண்டாம். ஒன்றுபோலவே தோன்றும் இரண்டு திரைகளுக்கு இடையில்தான் கிட்லேப் விபத்து நடந்தது. அதன்பின் அந்த நிறுவனம் திட்டமிட்ட திருத்தங்களில், எந்த சர்வரில் இருக்கிறோம் என்பதைக் கட்டளைத் திரை தெளிவாகக் காட்ட வேண்டும் என்பதும் ஒன்று.

ஒரு காலைப்பொழுது

நடத்துநர் 8:00 மணிக்குப் பயிற்சி சர்வரின் முழு பேக்கப்பை எடுத்துவைக்கிறார். ஆர்டர் எழுதும் நிரல் ஓடுகிறது. 10:41:20க்கு நிபந்தனையில்லாத அந்த அழிப்பை ஓட்டுகிறார். 10:50க்கு மீட்பவர்களிடம் ஒரு சீட்டைத் தருகிறார்: ‘பயிற்சி. ஒரு கடையிலிருந்து போன் வந்தது. காலை போட்ட ஆர்டர்களைக் காணவில்லையாம்.’ அவ்வளவுதான், வேறு எதுவும் சொல்லப்படுவதில்லை.

முதலில் கவனிக்க வேண்டியது, அழிவு இன்னும் தொடர்கிறதா என்று யாரேனும் கேட்கிறார்களா என்பது. ஒரு நிரலின் பிழையால் அழிந்திருந்தால் அதை நிறுத்தாமல் மீட்பில் இறங்குவது வீண். அடுத்தது, எப்போது அழிந்தது என்பதைக் கண்டுபிடிப்பது. `log_statement` அமைப்பில் `mod` என்று இருந்தால் தரவை மாற்றும் ஒவ்வொரு கட்டளையும் தொடங்கிய நேரத்தோடு சர்வர் குறிப்பில் இருக்கும். அந்த அமைப்பு இல்லாத குழுக்கள் இங்கேயே கால் மணி நேரத்தை இழக்கும். இந்த எடுத்துக்காட்டில் 11:02க்கு அந்த வரி கண்ணில் படுகிறது.

மீட்பின் அடிப்படை எளியது. போஸ்ட்கிரெஸ் எந்த மாற்றத்தையும் தரவுக் கோப்பில் எழுதும் முன் ஒரு பதிவேட்டில் வரிசையாக எழுதுகிறது. அந்தப் பதிவேடு இயல்பாக 16 எம்பி அளவுள்ள துண்டுகளாக `pg_wal` என்ற கோப்பகத்தில் சேர்ந்து, அங்கிருந்து பேக்கப் கிடங்குக்குப் போகிறது. 8:00 மணி முழு பேக்கப்பை விரித்து, அதன்மேல் பதிவேட்டை வரிசையாக ஓட்டிக்கொண்டே வந்து, அழிப்புக்குச் சற்று முன் நிறுத்தினால் அந்த நொடியின் டேட்டாபேஸ் கிடைக்கும். மீட்பு சர்வரின் அமைப்பில் எழுத வேண்டியவை இவை. `recovery.signal` என்ற காலிக் கோப்பு ஒன்றும் தரவுக் கோப்பகத்தில் இருக்க வேண்டும்:

```
archive_mode = off
restore_command = 'cp /mnt/archive/%f %p'
recovery_target_time = '2025-06-18 10:41:10+05:30'
recovery_target_action = 'pause'
```

மூன்றாவது வரியின் கடைசியில் இருக்கும் `+05:30`தான் இந்தியக் குழுக்கள் அதிகம் இடறும் இடம். சர்வர் குறிப்பு பெரும்பாலும் யுடிசி நேரத்தில் இருக்கும். அதில் இந்த அழிப்பு 05:11:20 என்று பதிவாகியிருக்கும். மீட்பவர் அதைப் பார்த்து நேர மண்டலமே குறிப்பிடாமல் 05:11:10 என்று எழுதிவிடுகிறார். மீட்பு சர்வர் இந்திய நேரத்தில் அமைந்திருந்தால், அது அதிகாலை 5 மணியாகிவிடும். பேக்கப் எடுத்ததோ 8 மணிக்கு. சர்வர் இப்படிச் சொல்லி நின்றுவிடும்:

```
FATAL: requested recovery stop point is before consistent recovery point
```

தலைகீழாகவும் நடக்கலாம். யுடிசியில் அமைந்த சர்வரிடம் 10:41:10 என்று மட்டும் எழுதினால், அது இந்திய நேரம் பிற்பகல் 4:11 என்று எடுத்துக்கொண்டு, இன்னும் வராத நேரத்தைத் தேடி, இருக்கும் பதிவுகள் எல்லாவற்றையும் ஓட்டிவிடும். 13ஆம் பதிப்பிலிருந்து `recovery ended before configured recovery target was reached` என்ற பிழையோடு நிற்கும். அதற்கு முந்தைய பதிப்புகள் இந்தப் பிழையைக் காட்டாமல் கடைசிவரை ஓட்டி, அழிப்பையும் சேர்த்தே மீட்டுத் தந்துவிடும். மீட்ட டேட்டாபேஸில் ஆர்டர் அட்டவணை காலியாக இருப்பதைக் கண்டு குழு திகைத்து நிற்கும்.

`recovery ended before configured recovery target was reached` என்ற அந்தப் பிழைச்செய்திக்கு இன்னொரு காரணமும் உண்டு. பதிவேட்டின் துண்டு நிரம்பினால்தான் கிடங்குக்குப் போகும். கூட்டம் குறைந்த நேரத்தில் 10:41ஐ உள்ளடக்கிய துண்டு இன்னும் சர்வரிலேயே கிடக்கலாம். இந்த விபத்தில் சர்வர் உயிரோடு இருப்பதால் `SELECT pg_switch_wal();` என்று ஓட்டினால் அது கிடங்குக்குப் போய்விடும். வட்டே போயிருந்தால் அதற்கு வழியில்லை. அதனால்தான் `archive_timeout` அமைப்பில் 60 நொடி என்பது போல் ஒரு வரம்பு வைக்கிறார்கள். இயல்பில் அந்த வரம்பு அணைந்தே இருக்கும்.

நேரத்தைப் பார்ப்போம். 11:10க்கு 60 ஜிபி பேக்கப்பை இறக்கத் தொடங்குகிறார்கள். நொடிக்கு 80 எம்பி வேகத்தில் அது 13 நிமிடம். நேர மண்டலப் பிழையில் 6 நிமிடம் போகிறது. 11:29க்குப் பதிவேடு ஓடத் தொடங்குகிறது. 4 ஜிபி, அதாவது 256 துண்டுகள். 11:35க்கு இலக்கில் நிற்கிறது. `pause` என்று கொடுத்திருப்பதால் சர்வர் எழுத அனுமதிக்காமல், வாசிக்க மட்டும் திறந்திருக்கும். நின்ற இடம் தவறாக இருந்து, இன்னும் சற்றுத் தள்ளி நிறுத்த வேண்டுமானால், இலக்கை மாற்றி மீண்டும் தொடங்கலாம். பின்னோக்கிப் போக முடியாது. முழு பேக்கப்பை மறுபடி விரிக்க வேண்டும். இலக்கைத் தேர்ந்தெடுக்கும்போது சற்று முன்னதாக வைப்பது இதனால்தான்.

இப்போது அடையாள அட்டவணையைப் பார்க்க வேண்டும். 10:41:00 வரி இருக்க வேண்டும், 10:42:00 இருக்கக் கூடாது. ஆர்டர்களின் எண்ணிக்கை, நடத்துநர் மடித்து வைத்திருக்கும் தாளில் உள்ள எண்ணை நெருங்கி வர வேண்டும். சர்வர் திறந்துவிட்டது என்பதையே மீட்பாக எடுத்துக்கொண்டு இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர்கள் உண்டு; ஒத்திகையில் அதை அனுமதிக்கவே கூடாது.

இரண்டு உண்மைகளை இணைப்பது

தரவு கிடைத்துவிட்டது. ஆனால் மீட்பு சர்வரைக் கொண்டுவந்து பழைய சர்வரின் இடத்தில் வைத்துவிட முடியாது. 10:41க்குப் பின் கடைகள் புதிய ஆர்டர்களைப் போட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. மாற்றி வைத்தால் அவை போய்விடும். ஒத்திகையின் மிக நுட்பமான பகுதி இது. பெரும்பாலான வழிகாட்டிக் கையேடுகள் இதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன.

வழி இதுதான். மீட்பு சர்வரிலிருந்து ஆர்டர்களையும் அவற்றின் பொருள்களையும் மட்டும் வெளியே எடுத்து, பயிற்சி சர்வரில் தற்காலிக அட்டவணைகளில் ஏற்ற வேண்டும். பிறகு அங்கிருந்து அசல் அட்டவணைக்கு:

```
INSERT INTO orders
SELECT * FROM orders_recovered
ON CONFLICT (id) DO NOTHING;
```

ஏற்கெனவே அந்த எண்ணில் வரி இருந்தால் அதைத் தொடாமல் விட்டுவிடும். முதலில் ஆர்டர், பிறகு பொருள்கள் என்ற வரிசை முக்கியம். மாறினால், இல்லாத ஆர்டரைச் சுட்டும் பொருளை டேட்டாபேஸ் ஏற்காது.

இங்கேதான் வாடிக்கையாளரைத் தொடும் ஆபத்து மறைந்திருக்கிறது. புதிய ஆர்டர் வந்ததும் கடைக்காரருக்கு எஸ்எம்எஸ் போக வேண்டும் என்பதற்காக அட்டவணையிலேயே ஒரு டிரிகர் எழுதியிருப்பார்கள். திரும்பச் செருகப்படும் ஒவ்வொரு பழைய ஆர்டரும் அந்த டிரிகரின் பார்வையில் புதிய ஆர்டர். பல லட்சம் பழைய ஆர்டர்களுக்கு நள்ளிரவில் ஒரே சமயத்தில் செய்தி போனால், தரவு அழிந்ததைக் கவனிக்காத கடைக்காரர்களும் அப்போது கவனிப்பார்கள். ஒத்திகையில் வெளியே செல்லும் பாதை மூடியிருப்பதால் எதுவும் போகாது. ஆனால் அனுப்பக் காத்திருக்கும் செய்திகளின் அட்டவணை திடீரென வீங்குவதை நடத்துநர் பார்த்துவிடலாம்.

டிரிகரை அட்டவணை முழுதுக்கும் அணைத்தால், அந்த நேரத்தில் வரும் உண்மையான புதிய ஆர்டர்களுக்கும் செய்தி போகாது. திரும்பச் செருகும் இணைப்பில் மட்டும் அணைப்பதே சரி. அதற்கு `SET session_replication_role = replica;` என்ற கட்டளை இருக்கிறது. தனி அதிகாரம் உள்ள கணக்கில்தான் ஓடும். ஆனால் அது அட்டவணைகளுக்கு இடையேயான பிணைப்புச் சரிபார்ப்பையும் சேர்த்தே அணைத்துவிடும். ஆகவே முடிந்தபின், ஆர்டர் இல்லாத பொருள்கள் ஏதும் தங்கிவிட்டனவா என்று தனியாக ஒரு கேள்வி ஓட்டிப் பார்த்தாக வேண்டும். விடை பூஜ்யமாக வர வேண்டும்.

இலக்கு நேரமான 10:41:10க்கும் அழிப்பு நடந்த 10:41:20க்கும் இடையில் எழுதப்பட்டவை மீட்பு சர்வரில் இருக்காது. நொடிக்கு இரண்டு ஆர்டர் என்றால் சுமார் 20 ஆர்டர்கள். இந்த இழப்பைக் குழு தானாகவே கவனித்துச் சொல்கிறதா என்று நடத்துநர் பார்க்க வேண்டும். கவனித்தால், இலக்கை 10:41:19க்கு நகர்த்தி மீண்டும் தொடங்கலாம். சர்வர் இன்னும் `pause` நிலையில் இருந்தால் இது சில நிமிட வேலை.

இவையெல்லாம் முடியும்போது மணி 12:10. சீட்டு கையில் வந்ததிலிருந்து 80 நிமிடம். இதில் இயந்திரம் உழைத்தது 19 நிமிடம்: இறக்க 13, ஓட்ட 6. மற்ற 61 நிமிடம், தேடவும் முடிவெடுக்கவும் திருத்தவும் சரிபார்க்கவும் மனிதர்களுக்கு ஆனது. வேகமான வட்டு வாங்குவதால் இந்தக் கணக்கில் சில நிமிடங்கள்தான் குறையும். அழிப்பு நேரத்தைக் கண்டுபிடிக்கும் கட்டளையும், இந்திய நேரத்தோடு எழுதிய அமைப்பு மாதிரியும், செருகும் வரிசையும் ஒரே பக்கத்தில் எழுதி வைக்கப்பட்டிருந்தால் அரை மணி நேரமே குறையக்கூடும். ஓர் எச்சரிக்கை: அசலில் முழு பேக்கப் அதிகாலை எடுக்கப்பட்டு, மாலையில் விபத்து நடந்தால், ஓட்ட வேண்டிய பதிவேடு பல மடங்கு இருக்கும். ஒத்திகையின் 6 நிமிடத்தை அப்படியே நம்பிக் கடைகளுக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது.

அசல் பேக்கப்பின் சோதனை

மேலே சொன்ன ஒத்திகை எவ்வளவு நன்றாக நடந்தாலும், இயங்கும் சேவையின் பேக்கப் கிடங்கில் ஏதாவது இருக்கிறதா என்பதை அது சொல்லாது. அதற்கு வேறொரு நாளில், ஒருவர் அல்லது இருவர் மட்டும், பரபரப்பில்லாமல் செய்யும் சோதனை வேண்டும்.

இந்த முறை மீட்பு சர்வருக்குள் வருவது உண்மையான வாடிக்கையாளர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும். அதனால் வேலி இன்னும் இறுக்கமாக வேண்டும்: உள்ளே வர ஒரே ஒரு வழி, வெளியே போக பேக்கப் கிடங்கைத் தவிர வேறு வழி இல்லை. வேறு சர்வரிடம் தரவு கேட்கும் சந்தாக்கள், டேட்டாபேஸுக்குள்ளேயே குறித்த நேரத்தில் ஓடும் பணிகள் ஆகியவையும் பேக்கப்போடு சேர்ந்து வந்திருக்கும். சர்வர் எழுதும் நிலைக்கு வந்ததும் அவை விழித்துக்கொள்ளும். அதனால் இங்கே `pause` நிலையிலேயே சோதனையை முடித்துக்கொள்வது நல்லது. சேவையின் நிரலை இந்த டேட்டாபேஸோடு இணைக்கவே கூடாது.

யாரும் வாடிக்கையாளர் வரிகளைத் திறந்து வாசிக்கத் தேவையில்லை. ஒவ்வொரு முக்கிய அட்டவணையிலும் எத்தனை வரிகள், கடைசி வரி எத்தனை மணிக்கு எழுதப்பட்டது என்பன போதும். எண்ணிக்கை அசலோடு நெருங்கி வர வேண்டும். கடைசி வரியின் நேரம், இலக்கு நேரத்துக்குச் சில நொடிகள் முன்பாக இருக்க வேண்டும். முந்தைய மாதத் தேதி வந்தால், பேக்கப் அன்றே நின்றுபோய்விட்டது என்று பொருள். அடுத்து, அசலில் `amcheck` நீட்டிப்பு ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்து, `pg_amcheck` நிரலை ஓட்டினால் குறியீட்டு அட்டவணைகளின் சிதைவு தெரியும். மீட்பு சர்வரின் இயங்குதளப் பதிப்பு அசலிலிருந்து மாறுபட்டிருந்தால், சொற்களை வரிசைப்படுத்தும் விதி மாறி, இருக்கும் வரியையே தேடலில் காணாத நிலை வரலாம். லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி 2.28இல் அந்த விதி பெரிய அளவில் மாறியது. ஆகவே இயங்குதளமும் போஸ்ட்கிரெஸ் பதிப்பும் அசலோடு ஒத்திருக்கட்டும்.

இந்தச் சோதனையில் அடிக்கடி வெளிப்படும் குறை, பேக்கப்பைப் பூட்டிய சாவி எங்கே இருக்கிறது என்பது. பேக்கப் பத்திரமாக வேறு ஊரில் இருக்கும். அதைத் திறக்கும் மறைகுறியீட்டுச் சாவியின் ஒரே பிரதி மூல சர்வரில் இருக்கும். சர்வர் போனால் இரண்டும் போனது போலத்தான். எனவே சோதனை செய்பவர் மூல சர்வருக்குள் நுழையாமலேயே தொடக்கம் முதல் முடிவு வரை செய்து காட்ட வேண்டும். எங்கேனும் மூல சர்வருக்குள் நுழைந்து ஒரு கோப்பை எடுத்தே ஆக வேண்டும் என்று வந்தால், அந்தப் பேக்கப் தேறவில்லை என்றே எழுத வேண்டும்.

எண்களைக் குறித்த அன்றே மீட்பு சர்வர், அதன் வட்டு, வட்டின் நகல்கள், தற்காலிகச் சாவி எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். அழித்தவர் ஒருவர், பார்த்தவர் ஒருவர் என்று இரண்டு கையெழுத்து இருக்கட்டும். மறந்துபோன மீட்பு சர்வர் என்பது காவலில்லாத இன்னொரு வாடிக்கையாளர் தரவுத்தொகுப்பு. ஒரு வாரம் கழித்து கிளவுட் கணக்கின் கட்டண விவரத்தைப் பார்த்தால், அழிக்காமல் விட்ட வட்டு ஏதும் இருந்தால் அதில் தெரிந்துவிடும்.

அசல் பேக்கப்பின் சோதனையை நிரலாக எழுதி மாதம் ஒருமுறை தானே ஓடச் செய்யலாம். அது வெற்றிகரமாக முடிந்த செய்தி வராவிட்டால் அதையே கோளாறாகக் கொள்ள வேண்டும். பிழை வந்தால் மட்டும் மின்னஞ்சல் என்ற ஏற்பாட்டில், மின்னஞ்சலே போகாத நிலையைக் கண்டுபிடிக்க வழியில்லை. மனிதர்களின் ஒத்திகை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். ஒவ்வொரு முறையும் விசைப்பலகையில் வேறொருவர் அமர வேண்டும். அடுத்த விபத்தாக, மூல சர்வரின் வட்டு முழுதும் போய்விட்டதாக வைத்துக்கொள்ளலாம். அதில் `pg_switch_wal()` உதவாது, துணை சர்வரை மூலமாக உயர்த்துவதா பேக்கப்புக்குப் போவதா என்ற முடிவைக் குழுவே எடுக்க வேண்டியிருக்கும்.